பெண் பார்த்த நாளுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரன் பார்க்கிற வீடுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். "அந்தக் காலம்" என்று சொல்வது ஏறத்தாழ 1960 முதல் 1990 வரை, செல்பேசி வருவதற்கு முந்தைய தமிழ்நாட்டை. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம் சடங்கின் பெயரும் வரிசையும் மாறும். உங்கள் வீட்டு வழக்கம் கொஞ்சம் வேறாக இருந்தால் தவறு யார் பக்கமும் இல்லை.

அந்தக் காலத்துல பொண்ணு பார்த்தாங்க, கல்யாணம் பண்ணாங்க, அவ்வளவுதானே? காத்திருக்கிறதெல்லாம் எங்க இருந்துச்சு?

இருவருக்குள் பேச்சு இல்லாததால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் குடும்பங்களுக்கு நடுவே நிறைய நாள் ஓடியது. முதலில் ஜாதகம் கைமாறும். பொருந்தினால் பையன் வீட்டிலிருந்து இரண்டு பெண்கள், பெரும்பாலும் அத்தையோ பெரியம்மாவோ, கோயிலில் "தற்செயலாக" பெண்ணைப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் முறையான பெண் பார்த்தல். பிறகு பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார்கள். அடுத்து பூ வைத்தல், நிச்சயதார்த்தம், பத்திரிகை அடித்தல், பந்தக்கால் நடுதல், கடைசியில் முகூர்த்தம்.

இதில் ஒவ்வொரு படியிலும் பின்வாங்க வழி இருந்தது. ஆனால் படி ஏற ஏறப் பின்வாங்குவதற்கான விலையும் ஏறியது. கோயிலில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பெண் பார்த்த பிறகு "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று கிளம்பி, கடிதம் போடாமலே இருந்தால் அதுதான் பதில். பத்திரிகை அடித்த பிறகு நிறுத்தினால் இரண்டு ஊரும் பேசும்.

பூ வைக்கிறது, பரிசம் போடுறது, நிச்சயதார்த்தம் மூணும் ஒண்ணுதானா?

பல ஊர்களில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. தனித்தனியாக நடந்த இடங்களில் பூ வைத்தல் சின்ன நிகழ்ச்சி. மாப்பிள்ளை வீட்டுச் சுமங்கலிகள் சிலர் பூ, பழம், வெற்றிலை பாக்கோடு வந்து பெண்ணின் தலையில் பூ வைப்பார்கள். இனி வேறு வரன் பார்ப்பதில்லை என்பதே அதன் பொருள்.

நிச்சயம் பெரிய கூட்டம். மாப்பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், பெண்ணின் பெயர், முகூர்த்த நாள் எல்லாவற்றையும் பெரியவர்கள் முன்னால் உரக்கப் படித்துத் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்வார்கள். உரக்கப் படிப்பதுதான் முக்கியம். ஆட்சேபம் உள்ளவர் அந்த இடத்திலேயே வாய் திறக்கலாம்.

பொண்ணு பார்க்கப் போன வீட்ல கை நனைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, அது என்ன திமிரா?

கேசரி, பஜ்ஜி, காபி வரைக்கும் பெரும்பாலான வீடுகளில் சரி. சோறு சாப்பிட்டுக் கை கழுவினால் அது உறவு. அதனால் "அடுத்த முறை வரும்போது சாப்பிடுறோம்" என்று எழுந்துவிடுவார்கள். "வேண்டாம்" என்று பின்னால் சொல்ல நேர்ந்தால், உப்பைத் தின்றுவிட்டு மறுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்கிற ஏற்பாடு அது. இரு வீட்டையும் காப்பாற்றியது.

முதல் வருகையிலேயே பிடிவாதமாக இலை போட்டு உட்கார வைக்கிற வீட்டைக் கண்டால் பழைய ஆட்கள் கொஞ்சம் உஷாரானார்கள். அவர்களுக்கு என்ன அவசரம் என்று யோசிப்பார்கள். விருந்தோம்பலாகவே இருக்கலாம், ஆனால் விசாரித்த பிறகே அப்படி முடிவுக்கு வருவார்கள்.

எந்த ஊரு, யாரு வகையறா, மழை உண்டான்னு ஒரு மணி நேரம் பேசுறாங்க. இந்த வெட்டிப் பேச்சுல என்ன தெரிஞ்சிடும்?

அந்தப் பேச்சின் நோக்கம் பொதுவாகத் தெரிந்த ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது. "உங்களுக்கு மன்னார்குடியா? அங்க உரக்கடை வெச்சிருந்தாரே ஒருத்தர், அவர் உங்களுக்கு எதுவும்..." என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு கண்ணி கிடைக்கும். கிடைத்தவரிடம் அடுத்த வாரம் யாராவது போய் விசாரிப்பார்கள். இது எதிராளிக்கும் தெரியும். அதனாலேயே பொய் சொல்லத் தயங்குவார்.

கேள்விகள் நேராக வருவதும் இல்லை. "போர்ல தண்ணி எத்தனை அடில?" என்றால் நிலம் உண்மையில் அவர்கள் கையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தினமும் மோட்டார் போடுகிறவர் ஆழத்தோடு எத்தனை மணி நேரம் இறைக்கும் என்பதையும் சொல்வார். குத்தகைக்கு விட்டவரோ விற்றுவிட்டவரோ பொதுவாகப் பேசுவார். "சர்வீஸ் எவ்வளவு ஆச்சு, எந்த செக்‌ஷன்ல இருக்கீங்க?" என்பது வேலையைச் சோதிக்கிற கேள்வி. நிரந்தர வேலையில் இருப்பவர் செக்‌ஷன் பெயரோடு மேலதிகாரியைப் பற்றி ஒரு புலம்பலும் சேர்த்துச் சொல்வார். புலம்பலே வராவிட்டால்தான் சந்தேகம்.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கூட வந்த பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படி வரை போவார்கள். மாமியாராகப் போகிறவர் வேலைக்காரப் பெண்ணை எப்படிக் கூப்பிடுகிறார், மூத்த மருமகள் கூடத்துக்கு வந்து பேசுகிறாளா, கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறாளா என்பதெல்லாம் திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சாகும். மூத்த மருமகள் கண்ணிலேயே படாத வீட்டுக்கு இரண்டாவது மருமகளாகப் பெண்ணைக் கொடுக்க ரொம்பவே யோசித்தார்கள்.

கூடவே தம்பியையோ சித்தியையோ அனுப்புறது பொண்ணு மேல நம்பிக்கை இல்லாததாலதானே?

பாதி அதுதான், மறுக்க முடியாது. பெண்ணின் பெயர் கெடக்கூடாது என்ற பயம் பெரிதாக இருந்தது. நிச்சயம் ஆன பிறகு கோயிலுக்கோ துணிக்கடைக்கோ போனால் கூட ஒருவர் கட்டாயம் இருப்பார்.

மீதிப் பாதி அதிகம் பேசப்படுவதில்லை. பிடித்துப்போனவரின் குறை நம் கண்ணில் படாது, கூட வந்த சித்திக்குப் படும். ஹோட்டலில் காபி ஆறிப்போய் வந்ததற்கு மாப்பிள்ளை சர்வரிடம் எப்படிப் பேசினார், மிச்சச் சில்லறையை எண்ணியபோது முகம் எப்படி இருந்தது, பஸ்ஸில் சித்திக்கு இடம் விட்டாரா என்பதை அவர் கவனித்து வைத்திருப்பார். விவரமான வீடுகளில் ஒவ்வொரு முறையும் வேறு ஆளை அனுப்பியதும் இதற்குத்தான். இருவர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் அதை ஒதுக்க முடியாது.

துணைக்கு எட்டு வயதுத் தம்பியை அனுப்பினால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து நகர்த்திவிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சில வீடுகளில் தெரிந்தேதான் தம்பியை அனுப்பினார்கள்.

எட்டு மாசம் தள்ளிப் போட்டா என்ன லாபம்? செலவுதானே?

ஒரு மாதிரிக் கணக்குப் பாருங்கள். வைகாசியில் பெண் பார்க்கிறார்கள். ஆனிக் கடைசியில் பூ வைக்கிறார்கள். ஆடியில் எதுவும் கிடையாது. ஆவணியில் நிச்சயம். புரட்டாசியில் பல வீடுகளில் சுபகாரியம் செய்வதில்லை. ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் பத்திரிகை அடித்துவிடுவார்கள். மார்கழி போனதும் தையில் கல்யாணம்.

விவசாய வீட்டில் ஆடி கை கடிக்கிற மாதம். ஆடிப்பட்டத்துக்கு விதை, உரம், ஆள் கூலி என்று பணம் வெளியே போகும், உள்ளே வராது. சம்பந்தி வீட்டில் கடன் எவ்வளவு என்பது இந்த மாதத்தில் தெரிந்துவிடும். "நிச்சயத்துக்குப் பேசின நகையில பாதியை இப்பவே..." என்று ஆள் வந்தால் ஒரு கேள்விக்குறி. தீபாவளிக்கு வேட்டி, புடவை, பலகாரத்தோடு போவார்கள். கொண்டுபோனதை அந்த வீட்டில் எப்படி வாங்குகிறார்கள், "இவ்வளவுதானா" என்கிற முகம் தெரிகிறதா என்று பார்க்கலாம். இடையில் எந்த வீட்டிலாவது ஒரு சாவு விழுந்தால் துக்கம் கேட்கப் போக வேண்டும். கல்யாண வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். துக்க வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு இருக்கிறதா, செலவை யார் ஏற்கிறார், குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறவர் யார் என்பது மறைக்க முடியாதபடி தெரியும்.

சொல்லாமல் போவதும் ஒரு முறை. பெண்ணின் தகப்பனாரோ தாய்மாமனோ "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று பகல் பதினொரு மணிக்கு வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் வீடு இருக்கிற நிலைதான் வீட்டின் உண்மையான நிலை. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்க வேண்டிய நாளில் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் மேலே விசாரிப்பார்கள்.

தையில் வைப்பதற்கு எளிய காரணமும் உண்டு. அறுவடைப் பணம் அப்போதுதான் கைக்கு வரும்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு"ன்னு பழமொழியே இருக்கே. அப்புறம் என்ன நம்பிக்கை?

"ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி" என்பதுதான் திரிந்துவிட்டது என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பழமொழியை நல்லவனாக்கப் பிறகு செய்த வேலை போலத் தெரிகிறது. பொய் சொன்னார்கள். வயதைக் குறைத்தார்கள், சம்பளத்தைக் கூட்டினார்கள், வலிப்பையும் காசநோயையும் மறைத்தார்கள். அவ்வளவு விசாரணை தேவைப்பட்டதே அதனால்தான்.

அதிகம் ஏமாந்தது ஒரே வாயிலிருந்து வந்ததை இரண்டு சாட்சியாக எண்ணியவர்கள். தரகர் சொன்னதைத்தான் மளிகைக் கடைக்காரரும் சொல்கிறார், அவருக்கும் தரகர்தான் சொன்னார் என்றால் அது ஒரு சாட்சி. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இருவரும் ஒரே சொற்றொடரைச் சொல்வார்கள். "பையன் தங்கக் கம்பி, சிகரெட் வாசனையே தெரியாது" என்பது மூன்று பேர் வாயிலும் அச்சாக வந்தால் சொல்லிக் கொடுத்தது. உண்மையில் பழகினவர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள், ஒரு சின்னக் குறையும் சேர்ப்பார்கள்.

சொந்தத்துலயே, முறைப்பையனுக்குக் கொடுத்தா இந்த விசாரணையெல்லாம் தேவையில்லையே?

தேவைப்படவில்லை, அதுவே அந்த வழக்கம் நிலைத்ததற்கு ஒரு காரணம். அத்தை மகனைப் பிறந்ததிலிருந்து பார்த்தாகிவிட்டது. ஆனால் தெரிந்த குறையையும் "நம்ம பையன்தானே, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று விழுங்கினார்கள். மறுத்தால் அண்ணன் தங்கை உறவே அறுந்துவிடும் என்ற நெருக்கடி இருந்தது. பரம்பரை நோய் பற்றிய கவலை தனி. இன்று சொந்தத்தில் செய்கிறவர்கள் மரபியல் ஆலோசனை கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவு விசாரிச்சவங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?

பல வீடுகளில் கேட்கவில்லை. கேட்ட இடத்திலும் "பிடிச்சிருக்கா?" என்பதற்குத் தலை குனிந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிடிக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு இருந்த ஒரே வழி பாட்டியோ அண்ணியோதான். அவர்கள் எடுத்துச் சொன்னால் உண்டு.

அந்த முறை சோதித்தது வீட்டை. நிலம், கடன், நோய், குடி, ஊர்ப்பேச்சு இவற்றை நன்றாகவே சோதித்தது. தனியாக இருக்கும்போது அவர் கோபம் எப்படி, அவள் வேலைக்குப் போவதை மனதார ஏற்பாரா, குழந்தை பற்றி என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் அதன் வலையில் விழவே இல்லை.

நாங்க ஆறு மாசமா தினமும் ரெண்டு மணி நேரம் பேசுறோம். எங்கப்பா அம்மாவைவிட எங்களுக்குத்தானே ஒருத்தரை ஒருத்தர் நல்லாத் தெரியும்?

விருப்பு வெறுப்பு, பயம், ஆசை இவை கட்டாயம் நன்றாகத் தெரியும். முந்தைய பதிலில் வலையில் விழாதவை என்று சொன்னதெல்லாம் உங்கள் பேச்சில் விழுகிறது. அது பெரிய லாபம்.

ஆனால் ஆறு மாதமும் ஒரே ஒரு சாட்சியிடம்தான் பேசியிருக்கிறீர்கள், அவர் தன்னைப் பற்றியே சொல்கிறார். அரட்டையில் எழுதி, அழித்து, திருத்தி அனுப்ப நேரம் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசுபவர் அம்மா குறுக்கே கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்கிறார் என்பது உங்களுக்குக் கேட்காது.

வேடிக்கை என்னவென்றால் இடைவெளி இன்றும் குறையவில்லை. நல்ல முகூர்த்த நாளில் பெரிய மண்டபம் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் முன்பு தீபாவளிச் சீரும் துக்க வீடும் இருந்தன. இப்போது போட்டோ ஷூட்டும் பிளவுஸ் அளவும் மெனுவும் இருக்கின்றன. எல்லாமே இருவரும் அழகாக உடுத்திக்கொண்டு போகிற இடங்கள்.

பெங்களூர்ல வேலை, பக்கத்து வீட்டுக்காரருக்கே பேர் தெரியாது. இப்போ யார்கிட்டப் போய் விசாரிக்கிறது?

மளிகைக் கடைக்காரர் இடத்தில் ஆவணம் வந்திருக்கிறது. வழக்கு ஏதும் இருக்கிறதா என்று ecourts.gov.in தளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்து பெயர் போட்டுத் தேடலாம். பெயரின் எழுத்துக்கூட்டலை மூன்று நான்கு விதமாக மாற்றிப் பாருங்கள். ஒன்றும் வராததால் வழக்கே இல்லை என்று ஆகாது. குடும்பச் சொத்து என்று காட்டினால் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். வேலையை உறுதிசெய்யச் சம்பளச் சீட்டைக் கேட்பதைவிட அலுவலக நண்பர்களோடு ஒரு மதியச் சாப்பாடு சுலபம்.

முன்பு திருமணம் ஆகி விவாகரத்து ஆனவர் என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பாருங்கள். இந்து திருமணச் சட்டப்படி மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. அது முடிவதற்குள் மறுமணம் கூடாது. மேல்முறையீடு செய்திருந்தால் அது தள்ளுபடி ஆக வேண்டும். "கேஸ் முடிஞ்ச மாதிரிதான்" என்ற பேச்சில் ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஆளைத் தெரிந்துகொள்ளப் பழைய வழியே நல்லது. இருவரும் தனியாகச் சந்திப்பது போக, மூன்று சந்திப்பில் மூன்று வேறு ஆட்களைக் கூட்டிப் போங்கள். ஒருவர் தோழி, ஒருவர் அண்ணி, ஒருவர் வயதானவர். கண்காணிக்க வந்தவர் போல உட்கார வேண்டாம், சாதாரணமாகச் சாப்பிடட்டும். அன்றிரவே அவர்களிடம் தனித்தனியாக "என்ன கவனிச்சே?" என்று கேளுங்கள். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் மழுப்புவார்கள். ஒரு சந்திப்பாவது ஏதாவது தவறிப்போகிற நாளாக அமைந்தால் நல்லது: ரயில் தாமதம், மழை, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல்.

ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு முப்பது நாள், சர்ச்சுல மூணு வாரம் ஓலைன்னு காக்க வைக்கிறாங்களே, அதுவும் இதே கதைதானா?

அதே கதைதான். பல தேவாலயங்களில் தொடர்ந்து மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைப் படித்து, தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று அறிவிக்கிறார்கள். நிச்சயத்தில் உரக்கப் படிப்பதைப் பற்றி மேலே சொன்னது போலத்தான். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்பை ஒட்டி, ஆட்சேபத்துக்கு 30 நாள் கொடுக்கிறார்கள்.

ஆனால் வீட்டை எதிர்த்துச் சாதி மாறி, மதம் மாறித் திருமணம் செய்கிறவர்களுக்கு அந்த அறிவிப்பே ஆபத்தாகிறது. ஊர்க்கண் ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும், காதலர்களையும் பிடிக்கும். தமிழ்நாட்டில் இருவரும் இந்துக்களாக இருந்தால், இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் சேர்த்த 7-ஏ பிரிவின் கீழ், உறவினரோ நண்பரோ சூழ, மாலையோ மோதிரமோ மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாம். அதற்குக் காத்திருப்பு கிடையாது.

இன்னும் நேர்ல பார்க்கல, வெளிநாட்டு மாப்பிள்ளை, பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சுன்னு பணம் கேக்குறார். அனுப்பலாமா?

கூடாது. அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகாரும் பதியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

நிச்சயம் முடிஞ்சிருச்சு, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாச்சு. இப்போ சந்தேகம் வருது. நிறுத்தினா தப்பா?

நிச்சயம் ஆகிவிட்டது என்பதற்காக யாரையும் தாலி கட்டச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. நிறுத்துவது என்றால் இரு பக்கமும் வாங்கிய நகை, புடவை, மோதிரத்தைப் பட்டியல் எழுதி, இரண்டு பெரியவர்கள் முன்னால் திருப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வரதட்சணை என்று எதையாவது கேட்டிருந்தால், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்டதே குற்றம். அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

நிறுத்துமுன் அது எந்த வகைச் சந்தேகம் என்று பிரித்துப் பாருங்கள். "இவரோடு காலம் தள்ள முடியுமா" என்பது பலருக்கும் முகூர்த்தம் நெருங்கும்போது வருகிற பயம், அதை அவரிடமே பேசலாம். சொன்ன படிப்பு, வேலை, முதல் கல்யாணம், நோய் இவற்றில் ஏதாவது இடிக்கிறது என்றால் பேசித் தீராது. காகிதம் பார்க்க வேண்டும். கேட்ட காகிதம் வாரக்கணக்கில் வராமல் "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வி மட்டும் திரும்பி வந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சந்தேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கல்யாணத்தை முடித்துவிட்டால் கணக்கு வேறு. முக்கியமான விஷயத்தை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கியிருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். மண்டப முன்பணம் போவது இதோடு ஒப்பிட்டால் சின்ன நஷ்டம்தான்.